கீழ்வீட்டுக்காரரின் பாஸ்வேர்டு

ஓசூரில் எங்கள் கீழ்வீட்டில் இருந்தவர் ஒரு கம்பெனி சூப்பர்வைசர். அந்தக் கட்டடத்தில் படம் பார்க்கும் ஆப்புக்குப் பணம் கட்டியவர் அவர் மட்டும்தான். யார் கேட்டாலும் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எண்ணும் குறியுமாக அது முழ நீளம் இருக்கும். ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்துவதற்குள் எனக்கு எரிச்சல் தலைக்கேறும். ஒன்று தப்பினாலும் உள்ளே விடாது. "மெதுவா போடுங்க சார்" என்று அவர் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி போனில் டிவி ரிமோட் ஆப்பை இறக்கினாள். டிவியும் போனும் ஒரே வைஃபையில் இருந்தன. டிவியில் தெரிந்த எண்களைப் போனில் அடித்ததும் இரண்டும் இணைந்தன. பாஸ்வேர்டு கட்டத்துக்குப் போனதும் போனிலேயே கீபோர்டு வந்தது. மைக்கில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். பாஸ்வேர்டுக்கு மட்டும் மைக் வரவில்லை. அவள் போனை வாங்கி, வாட்ஸ்அப்பில் இருந்ததை அப்படியே காப்பி செய்து ஒட்டினாள். படம் ஓடியது. சந்தோஷம் தாங்காமல் பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் போய் அங்கேயும் இதேபோல் படம் ஓடவைத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த கீழ்வீட்டுக்காரர் நேராக மாடியேறினார்.

"என் டிவில படம் வரல, வேற இடத்துல ஓடுதுன்னு வருதுங்க. யாரும் போட முடியாதுன்னுதானே அவ்ளோ நீளமா வெச்சேன்."

மனைவி நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்கண்ணா, இன்னும் பாதிப் படம் இருக்குது."