துருப்பிடித்த பின்

என் அண்ணன் எலெக்ட்ரீசியன். ஏணியில் ஏறிவிட்டால் எப்போது இறங்குவான் என்று அவனுக்கே தெரியாது. மேலே போய் ஒயரைப் பார்ப்பான், ஜன்னலைப் பார்ப்பான், ஜன்னலுக்கு வெளியே போகிற மேகத்தைப் பார்ப்பான். கீழே நிற்கிறவர்களுக்கு வேலை நடக்கிறதா தியானம் நடக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். துருப்பிடித்த எதையும் அவன் அடித்துக் கழற்றமாட்டான். எண்ணெய் விட்டு, "ஊறட்டும்" என்பான். தெருவில் அதையே அவனுக்குப் பெயராக்கிவிட்டார்கள். சிக்கிக்கொண்ட திருகாணிக்கும் அதுதான் பதில், கல்யாணப் பேச்சுக்கும் அதுதான் பதில். தலை நரைக்கத் தொடங்கியும் அந்தப் பேச்சு ஊறிக்கொண்டே இருந்தது.

நான் அவன் தங்கை. எங்கள் மின்சாமான் கடையைக் கவனித்துக்கொள்கிறவள். எனக்குப் பொறுமை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துத் தெரு மாடியில் ஒரு தையல்காரி இருந்தாள். அவளும் தனிக்கட்டை, புருஷன் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவள் அறை ஃபேனுக்கு மட்டும் கண்டன்சர் போய்க்கொண்டே இருந்தது. அத்தனை தடவை கண்டன்சர் போகிற ஃபேன் உலகத்திலேயே கிடையாது. சரக்கை எடுத்துக் கொடுக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? அண்ணன் போவான், பொழுது சாய்ந்து வருவான், வந்தபின் கொஞ்ச நேரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருப்பான். கேட்டால், "இறக்கையில தூசி இருந்துச்சு, அதையும் கழட்டித் தொடைச்சேன்" என்பான். அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டான்.

அந்தக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. தையல்காரி வேறு ஊரில் கடையோடு சேர்ந்த வீடு ஒன்றைப் பிடித்துவிட்டாள். சாமான் ஏற்ற மதியம் வண்டி வரும், அதற்குள் ஃபேனைக் கழற்றித் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். அண்ணன் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

"அண்ணே, இன்னைக்கு விட்டா அவ்வளவுதான். ஃபேனோட சேத்து உன் வாயையும் கழட்டு" என்றேன்.

அவன் எண்ணெய் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டான். ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று நானும் கூடவே கிளம்பினேன். ஏணி ஒரு சாக்குத்தான்.

அறை காலியாகியிருந்தது. சுவரில் அலமாரி நின்ற இடம் வெளுப்பாகத் தெரிந்தது. தரையில் வண்ண வண்ண நூல் துணுக்குகள். துணி வெட்டுகிற பெரிய மேஜையும் ஃபேனும்தான் மிச்சம். பேசினால் குரல் சுவரில் பட்டு மெதுவாகத் திரும்பி வந்தது. அண்ணன் மெயின் ஸ்விட்சை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டான். இறக்கைகள் சொன்னபடி கேட்டன; அவன் அடிக்கடி கழற்றியவை ஆயிற்றே. கூரையை ஒட்டி, கொக்கியை மூடியிருந்த கிண்ணம்தான் முரண்டு பிடித்தது. வருஷக்கணக்காகக் கூரை ஒழுகி, தண்ணீர் அந்த வழியாகவே இறங்கியிருக்கிறது. கிண்ணத்தை ஃபேன் தொங்கும் கம்பியோடு பிடித்திருந்த இரண்டு திருகாணிகளிலும் பள்ளமே தெரியாமல் துரு அப்பியிருந்தது.

சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டான். "ஊறட்டும்."

"வண்டி வந்துரும்ணே!"

"வரட்டும்."

வேறு வழியில்லாமல் மூவரும் தரையில் உட்கார்ந்தோம். வெயில் ஜன்னல் வழியாக வந்து நூல் துணுக்குகள் மேல் படுத்துக்கொண்டது. கீழே தெருச்சத்தம் எங்கோ தூரத்தில் நடப்பது போல் இருந்தது. தையல்காரி சுவரில் சாய்ந்து, இறக்கையில்லாத ஃபேனையே பார்த்தாள். அண்ணன் அவள் பார்க்கிற இடத்தைப் பார்த்தான். எனக்குக் கண் சொருகியது. அரைத்தூக்கத்தில் அந்த ஃபேன் இறக்கையே இல்லாமல் சுற்றுவது போலவும், காற்று வருவது போலவும் இருந்தது. இப்படியே இந்த மதியம் முடியாமல் போனால் என்ன என்று எனக்கே தோன்றிவிட்டது, அவனை என்ன குறை சொல்ல?

அண்ணன் எழுந்து ஏறினான். பிளேடு முனையால் துருவைச் சுரண்டி, ஸ்குரூ டிரைவரை அழுத்தி வைத்து, அதன் பிடியில் சுத்தியலால் லேசாக இரண்டு தட்டுத் தட்டித் திருப்பினான். ஒன்று முனகிக்கொண்டே வந்தது. மற்றதன் தலை நசுங்கிவிட்டது. ஆக்ஸா பிளேடால் அந்தத் தலையில் புதுப் பள்ளம் அறுத்துத் திருப்பினான், அதுவும் வந்தது. கை ஒழியாமல் அந்தத் திருகாணியை உதட்டில் கவ்விக்கொண்டான். கிண்ணத்தைக் கீழே சறுக்கிவிட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்து, ஒயர்களைப் பிரித்தான்.

இனி இருந்தது பின் ஒன்றுதான். ஃபேன் கம்பியைக் கூரைக் கொக்கியோடு கோத்து, மொத்த எடையையும் தாங்குகிற தடித்த பின். அது நழுவாமலிருக்க முனையில் ஒரு சின்னக் கம்பியை நுழைத்து, இரண்டு காலையும் விரித்து விட்டிருப்பார்கள். குறட்டால் நிமிர்த்தும்போது ஒரு கால் பொடிந்து விழுந்தது. மற்றதை நிமிர்த்தி உருவிவிட்டான். பின் மட்டும் அசையவில்லை.

"எடை அதுமேல இருக்கிறவரைக்கும் வராதுங்க" என்றான், திருகாணியைப் பல்லில் வைத்துக்கொண்டே. "கீழேருந்து யாராவது கொஞ்சம் தூக்கிப் பிடிக்கணும். எனக்கு ரெண்டு கையும் வேணும்."

நான் ஏணியை விட முடியாது. தையல்காரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜை மேல் ஏறினாள். மோட்டாரின் அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்துத் தூக்கினாள். கம்பி நூலளவு மேலே போனது. அண்ணன் பின்னின் முனையில் உளியாணியை வைத்துத் தட்டினான். துரு பொடியாக உதிர்ந்து அவள் தலைமுடியில் படிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கள் தொழிலில், சிக்கியது பிடியை விட்டுக்கொடுத்தால் 'விட்டுருச்சு' என்று கத்துவோம். அந்தப் பின் நகர்ந்து ணங்கென்று தரையில் விழுந்ததும் அண்ணன் கத்தினான். வாயில்தான் திருகாணி இருக்கிறதே. பாதிதான் வெளியே வந்தது.

"விட்டுரு...!"

என் உயிர் போய்விட்டது. அவள் கையை எடுத்தால் மோட்டார் மேஜையில் மோதி உருண்டு நேரே என் மேல்தான் விழும். அவள் கண்ணைத் திறந்தாள். மோட்டார் ஒரு தடவை ஆடியது. அண்ணன் சுத்தியலைப் போட்டுவிட்டுக் கம்பியின் மேல்முனையைப் பாய்ந்து பற்றினான். அவள் மோட்டாரைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அண்ணன் திருகாணியைத் துப்பினான். "விட்டுருச்சுன்னு சொன்னேங்க. பின்னு விட்டுருச்சுன்னு."

"எனக்கு விட்டுருன்னுதான் கேட்டுச்சு" என்றாள் அவள். மூச்சு வாங்கியது. "நான் விடல."

அண்ணனின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். கீழே வண்டி வந்து ஹார்ன் அடித்தது.

"அண்ணே" என்றேன். ஏணியை ஒரு தட்டுத் தட்டினேன்.

"அங்க போய் இதை மாட்ட நானே வரட்டுங்களா?" என்றான் அண்ணன்.

"மாட்டிட்டுத் திரும்பி வந்துருவீங்களா?"

"இல்லங்க. கூடவே இருந்துடலாம்னு. உங்களுக்குச் சம்மதம்னா."

அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். தோளில் மோட்டார், முடியில் துரு, நெற்றியில் வியர்வை.

"அப்ப இறங்கி வந்து இந்தப் பக்கம் பிடிங்க" என்றாள். "எவ்வளவு நேரம் நான் ஒருத்தியே தாங்குறது?"