எங்க வீட்டு ஆளு

மேற்குத் தாம்பரத்து அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தட்டச்சு செய்கிற புஷ்பலதாவின் விரல்களுக்கு எல்லா வாழ்த்தும் மனப்பாடம். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் பார்க்காமலே அடிப்பாள். அன்று வந்த வாழ்த்துதான் அவளைக் களைப்படையச் செய்தது.

கேளம்பாக்கத்துக் கம்பெனி ஒன்று தன் துப்புரவுப் பணியாளர்களுக்குப் பிறந்தநாள் அட்டை கொடுக்கப் போகிறதாம். 'மெனி ஹேப்பி ரிட்டர்ன்ஸ்' என்ற ஆங்கில வாழ்த்தை அவர்களே மெஷினில் போட்டுத் தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள்.

"இந்நாளின் பல மகிழ்ச்சியான திரும்புதல்களை உங்களுக்கு விரும்புகிறோம். எங்கள் குடும்பத்தின் ஒரு பகுதியாக இருப்பதற்கு நன்றி."

பெயர்ப் பட்டியலில் முதலில் இருந்தது முத்தாலம்மாள். புஷ்பலதா வீட்டுக்குக் கீழ் போர்ஷன்காரி. அஞ்சாவது வரை படித்தவள். அன்று சாயங்காலமே புஷ்பலதா மாதிரித் தாளை அவளிடம் காட்டினாள். எழுத்துக்கூட்டிப் படித்தவள் முகம் சுருங்கியது.

"இன்னா புஷ்பா இது? வேலைய வுட்டுத் தூக்குறாங்களா?"

"பொறந்தநாள் வாழ்த்துக்கா."

"வாழ்த்தா? கோர்ட்டு நோட்டீஸ் கணக்கா கீது!"

அந்தத் தாளை முத்தாலம்மாள் கையில் இப்படியே கொடுக்கக் கூடாது என்று புஷ்பலதா அப்போதே முடிவு செய்தாள். "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். நோய் நொடி இல்லாம, நூறு வருஷம் நல்லா இருங்க" என்று எழுதி அனுப்பினாள். கம்பெனி மேலாளர் தோத்தாத்ரி அதை மெஷினில் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூலத்தோடு ஒத்துப்போகவில்லை என்று மறுத்துவிட்டார். மயிலாப்பூரில் பிறந்தவர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாத மொழிக்கு ஒப்புதல் கொடுக்கிற அதிகாரம் மட்டும் அவருக்கு இருந்தது.

மூன்றாவது மறுப்புக்குப் பிறகு புஷ்பலதா போன் செய்தாள்.

"சார், ரெண்டையும் படிக்கிறேன். காதால கேளுங்க."

திரும்புதல்களைக் கேட்டதும் தோத்தாத்ரி சிரித்தேவிட்டார். "யாரும்மா இப்படிப் பேசுவா?"

"நீங்க ஓகே பண்ணது சார்."

"சரி, நூறு வருஷமே போடுங்க. ஆனா அந்த ஃபேமிலி லைன் எங்கே? டைரக்டர் எழுதினது, அது வேணும்."

"வீட்டு ஆளுக்கு யாரு சார் நன்றி சொல்லுவாங்க? தமிழ்ல அது இப்படித்தான் வரும்: 'நீங்களும் எங்க வீட்டு ஆளுதான்.'"

பன்னிரண்டு வருஷமாக அங்கே கூட்டிப் பெருக்கும் முத்தாலம்மாள் இன்னும் ஒப்பந்தத் தொழிலாளிதான். கேன்டீன் நாற்காலியில் உட்கார அவளுக்கு அனுமதி இல்லை. ஆபீஸ்காரர்களின் ஆங்கில அட்டையில் பத்து வருஷமாக யாரையும் உறுத்தாத வாக்கியம், தமிழில் சொன்னதும் கணக்குக் கேட்டது.

"அது... ரொம்ப நெருக்கமா இருக்கேம்மா," என்றார் தோத்தாத்ரி. "நாளைக்கு யாராவது இதையே காட்டிப் பேசினா? அந்த லைனை எடுத்துடுங்க."

"எடுத்துடறேன் சார்."

அவள் எடுத்துவிட்டாள். நூறு வருஷம் மட்டும் அச்சுக்குப் போயிற்று.