கடிகாரம் இல்லாத நிகழ்ச்சி நிரல்

விளையாட்டு விழா நெருங்கும் வாரத்தில் நசூனா டீச்சர் உட்கார்ந்து தேநீர் குடித்து, அவரோடு வேலை பார்க்கும் நான் பார்த்ததில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையின் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடப்பார். மசாகா ஊருக்கு வெளியே, குன்றின் மேலிருக்கும் எங்கள் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். எந்த மாணவரும் ஒரே நேரத்தில் இரண்டு போட்டிகளில் மாட்டிக்கொள்ளாதபடி விழா அட்டவணை போடுவது அவர் தலையில் விழுந்த வேலை. யாரும் அதற்கு நன்றி சொன்னதில்லை. தவறினால் மட்டும் எல்லோருக்கும் அவர் பெயர் நினைவுக்கு வரும்.

போன வருடம் தவறியது. லிலியன் ஆச்சான் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். நீளம் தாண்டுவதிலும் அவளை மிஞ்ச எங்கள் பள்ளியில் ஆளில்லை. அட்டவணைப்படி ஓட்டம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் தாண்டுதல். ஆனால் சிறப்பு விருந்தினர் வந்து இறங்கியதும், நடப்பதை நிறுத்திவிட்டு அணிவகுப்பு நடத்துவது எங்கள் வழக்கம். ஓட்டங்கள் நின்றன. மைதானத்தின் கோடியில் மணல் குழிப் பக்கம் எதுவும் நிற்கவில்லை. அணிவகுப்பு முடிந்து ஆச்சான் ஓடக் கிளம்பியபோது அங்கே அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. ‘ஆள் வரவில்லை.’ மாவட்டப் போட்டிக்கு முதலிடம் பெற்றவர் மட்டுமே போகலாம்.

“உங்க காகிதம்தான் அந்தப் பொண்ணைக் கவுத்துச்சு மேடம்,” என்றார் விளையாட்டு ஆசிரியர் ஒக்கெல்லோ.

காகிதத்தில் பிழை இல்லை என்பதுதான் நசூனாவை அதிகம் வாட்டியது. பிழை இருந்தால் திருத்திவிடலாம். சரியாக இருந்தும் பயன்படாத ஒன்றை என்ன செய்வது?

இந்த வருடம் ஆச்சானுக்குப் பள்ளியில் கடைசி ஆண்டு. ஒருநாள் தாழ்வாரத்தில் டீச்சரை மறித்து, “மேடம், இந்தத் தடவையாச்சும் நான் தாண்டிருவேனா?” என்று கேட்டாள். ஜெயிப்பேனா என்று கேட்கவில்லை.

அன்று மாலை நசூனா கரும்பலகை முழுவதும் போட்டிகளின் பெயர்களை எழுதினார். ஏதேனும் இரண்டு போட்டிகளில் ஒரே மாணவர் பெயர் கொடுத்திருந்தால் அவற்றுக்கிடையே ஒரு கோடு. எண்ணூறு மீட்டருக்கும் நீளம் தாண்டுதலுக்கும் நடுவே விழுந்த கோடு ஆச்சானுடையது. ஓடுதளம் ஒன்றுதான் என்பதால் ஓட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கும். அவை தங்களுக்குள் மோதாது. மோதல் எல்லாம் ஓட்டத்துக்கும் தாண்டுதல், எறிதல்களுக்கும் நடுவில்தான், அல்லது தாண்டுதலுக்கும் எறிதலுக்கும் நடுவில். கோடு அதிகம் பெற்ற போட்டியை முதலில் எடுத்து ஒரு தொகுதியில் வைத்தார். அதனோடு கோட்டால் இணைந்தது எதுவும் அந்தத் தொகுதிக்குள் வரக்கூடாது. இப்படியே கடைசி வரை. தொடர் ஓட்டத்துக்கு மட்டும், பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்திருக்கும் இல்லங்கள் என்ற அணிகள் தங்கள் பெயரைத்தான் தரும். யார் ஓடுவது என்பதை அன்றைக்குத்தான் முடிவு செய்வார்கள். யாரென்று தெரியாத இடத்தில் எல்லோரும் என்று கொள்வதே நியாயம் என்று அதற்குத் தனித் தொகுதி கொடுத்தார்.

இதுவரை போன வருடம் செய்ததும் இதேதான். புதிதாக ஒன்று செய்தார்: நேரங்களை எடுத்துவிட்டார். ஒரு தொகுதியில் எல்லாம் முடிந்த பிறகே அடுத்த தொகுதி தொடங்கும். விருந்தினர் எப்போது வந்தாலும் சரி.

தலைமை ஆசிரியர் கக்வா காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். “நேரம் எங்கம்மா?”

“நேரம் கிடையாது சார். வரிசை மட்டும்தான்.”

“வர்றவரு எம்.பி. அவர் கையில நேரமில்லாத நிகழ்ச்சி நிரலைக் கொடுக்கச் சொல்றீங்களா?”

“அவருக்கு நேரம் போட்டே கொடுத்துரலாம் சார். எப்படியும் அவர் அதைப் பாத்து வரப்போறதில்ல.”

ஒக்கெல்லோ வாய்விட்டுச் சிரித்தார். “கடிகாரத்தைக் கழட்டி வச்சிட்டு மழைகிட்டயும் வரிசையில வான்னு சொல்லுவீங்களா மேடம்? மழை தொடங்குற மார்ச் மாசம் இது!”

அது கேலி மட்டுமல்ல. மெதுவாக ஓடும் ஒரு தொகுதி முடியும்வரை மற்றவர்கள் சும்மா நிற்க வேண்டும், நாள் நீளும். அது நசூனாவுக்கும் தெரியும். அந்த வாரம் மதியம் தரும் போஷோ என்ற மக்காச்சோளக் களியையும் பீன்ஸையும் பாதியில் வைத்துவிட்டு வானத்தைப் பார்க்கப் போய்விடுவார்.

விழா நாளில் மூன்றாம் தொகுதி நடந்துகொண்டிருந்தது. பெண்களின் எண்ணூறு மீட்டருக்கு ஆச்சான் கோட்டில் நின்றபோது, ஒலிபெருக்கியை முந்திக்கொண்டு வண்டிகளின் ஹாரன் கேட்டது. எம்.பி. வந்துவிட்டார். ஓட்டம் நின்றது. ஆச்சானும் மற்ற ஓட்டக்காரப் பிள்ளைகளும் இல்லக் கொடிகளோடு அணிவகுக்க ஓடினார்கள். ஏரிப்பக்கம் வானம் கறுத்தது.

கக்வா ஒக்கெல்லோவைக் கூப்பிட்டார். “அணிவகுப்பு, பேச்சு எல்லாம் முடிய நேரமாகும். மணல் குழி சும்மாத்தானே கிடக்கு? நீளம் தாண்டுதலை ஆரம்பிச்சிருங்க.”

நீளம் தாண்டுதல் நான்காம் தொகுதி. ஒக்கெல்லோ மண்வாரியோடு மணலைச் சமன் செய்யத் தொடங்கினார். நசூனா விருந்தினருக்காக உடுத்தியிருந்த பளபளக்கும் நீண்ட கோமேசி உடையைத் தூக்கிப் பிடித்தபடி மைதானத்தைக் குறுக்காகக் கடந்து, குழிக்குள் இறங்கி நடு மணலில் உட்கார்ந்தார்.

“எழுந்திரிங்க ந்யாபோ!” என்று ஊர் வழக்கப்படி மரியாதையாகக் கூப்பிட்டார் ஒக்கெல்லோ. “எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். எண்ணூறு முடியட்டும்.”

“ஒரு பொண்ணுக்காகவா? அஞ்சாம் தொகுதியில ஈட்டி எறியப் பசங்க காத்திருக்காங்க. மழை வந்தா அவங்க நிலைமை?”

“தெரியல சார்.”

“தெரியாம உக்காந்திருக்கீங்க!”

“அவங்களுக்கு மழை வரலாம், வராமலும் போகலாம். இவ பேரை இப்பக் கூப்பிட்டா இவளால வரவே முடியாது. அது மட்டும் தெரியும்.”

ஒக்கெல்லோ மண்வாரியைக் கீழே போட்டார். “கோமேசியில மணல் ஏறுச்சுன்னா துவைக்கறது கஷ்டம்,” என்று முணுமுணுத்தபடி அவரும் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

நான் அளவு நாடாவோடு அருகிலேயே நின்றிருந்தேன். இப்போதும் அவர் செய்தது சரி என்று முழுமனதோடு சொல்ல முடியவில்லை. நிச்சயமான ஓர் அநீதியைத் தடுக்க, நேரலாம் என்ற வேறொன்றுக்கு வழிவிடுவது அவ்வளவு சுலபமான கணக்கல்ல.

பேச்சு முடிந்தது. எண்ணூறு மீட்டரில் ஆச்சான் இரண்டாவதாக வந்தாள். மூச்சு இறங்கும்வரை புல்லில் கிடந்துவிட்டு மணல் குழிக்கு வந்தாள். முதல் தாவலில் பலகையைத் தாண்டி மிதித்துவிட்டாள், செல்லாது. இரண்டாவது குறைந்த தூரம். மூன்றாவதுக்கு ஓடி வந்தபோது முதல் துளிகள் விழத் தொடங்கியிருந்தன. நாடாவின் இரு முனைகளையும் பிடித்திருந்தவர்கள் இரண்டு முறை அளந்தார்கள். அவள்தான் முதல்.

ஆச்சான் மணலிலிருந்து எழாமல் தன் கால் பதிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மழை கொட்டியது. ஈட்டி எறிதல் நடக்கவில்லை. வாழைத்தோப்புப் பக்கம் ஒதுங்கி நின்ற பையன்களில் ஒருவன், “கணக்கு டீச்சர் புண்ணியம்!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். நசூனா காதில் அது விழுந்தது.

“திங்கக்கிழமை வச்சுக்கலாம்,” என்றார் கக்வா, கோட்டுத் தோளை உதறிக்கொண்டே. “ஒரே ஒரு போட்டி. அது எதோட மோதப்போகுது?”

நசூனா நனைந்த கோமேசியைப் பிழிந்துகொண்டிருந்தார். கை நின்றது. “திங்கக்கிழமை வேதியியல் செய்முறைத் தேர்வு சார். ஈட்டிக்காரப் பசங்கள்ல ரெண்டு பேரு அதுல இருக்காங்க.”

“ஐயோ, மேடம்!” என்றார் ஒக்கெல்லோ.

அந்த இரண்டு பேரின் தேர்வு எப்போது முடியும் என்று கேட்க, நசூனா அதற்குள் மழையிலேயே ஆய்வுக்கூடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.