எனக்கு வலது கையும் உண்டு

நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு எஸ்.டி.டி. பூத் வந்தபோது, அதை நடத்தும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. குவைத்தில் சம்பாதித்துத் திரும்பிய என் மாமா, அம்மாவின் தம்பி, வைத்துக்கொடுத்தது. அப்பா இல்லாத வீட்டுக்கு ஒரு வருமானம் என்று வெளியே சொல்லிக்கொண்டார். உண்மையில், சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் யார் யாருக்குப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் என் இடது கை முதலில் மக்கர் செய்தது. வலது கையால் பில் எழுத வேண்டும் என்பதால் ரிசீவரை இடது கையில் பிடிப்பேன். கொஞ்ச நேரத்தில் கை கடுத்து, கனத்து, தானாகக் கீழே இறங்கிவிடும். இறக்கி வைத்தால் வலி போய்விடும். தலை பின்னும்போதும் அப்படித்தான். அடிபம்பில் இடது கையால் நாலு அடி அடித்தால் கண் இருட்டி, தெரு சுற்றும். அதற்கு முந்தைய வருடம் முழுக்க விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் இருந்தன. ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைக்கும் அளவுக்கு இளைத்திருந்தேன். கல்யாணம் நிச்சயமான பெண் இளைத்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே விளக்கம்தான்.

"மாப்ள நெனப்பு," என்றார் மாமா.

மாப்பிள்ளை சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு சூப்பர்வைசர். நான் அவரை ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன், அதுவும் அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது. அவரை நினைத்து இளைக்கும் அளவுக்கு எனக்குப் பொழுது இருக்கவில்லை.

பம்படியில் ஒரு நாள் குடத்தோடு விழுந்த பிறகு அம்மா என்னைக் கடைத்தெரு டாக்டரிடம் அழைத்துப்போனாள். எங்கள் பக்கத்தில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அவர் அறையில் நோயாளியின் ஸ்டூல் சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருக்கும். உட்கார்ந்தால் இடது கைதான் மேசைப் பக்கம் வரும், பி.பி. பெட்டியின் குழாயும் அதுவரைதான் எட்டும். ஆகவே அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் இடது கையில்தான் ரத்த அழுத்தம். பட்டையைச் சுற்றினார், ஊதினார், காதைக் கூர்மையாக்கினார், மறுபடி ஊதினார்.

"சத்தமே சரியா கேக்கல. ரொம்ப லோ பி.பி. அதான் மயக்கம். உப்பு நல்லா சேத்துக்கச் சொல்லுங்கம்மா. மோர்ல போட்டுக் குடுங்க."

எனக்கு வலது கை என்று ஒன்று இருப்பதை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் ஸ்டூலை நகர்த்த வேண்டியிருந்திருக்கும். அவ்வளவு பெரிய காரியத்தை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அம்மா அன்றிலிருந்து உப்பைக் கையில் எடுத்தாள். காலையில் உப்பு மோர், பதினோரு மணிக்கு உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு, சாப்பாட்டில் நார்த்தங்காய். முகம் சுளித்தால் அழுவாள். நான் குடித்தேன். தலைவலி சேர்ந்துகொண்டது. பின்மண்டையில் ஆரம்பித்து விடியற்காலையிலேயே எழுப்பிவிடும் தலைவலி. அதைச் சொன்னதும் மோரில் இன்னும் ஒரு சிட்டிகை கூடியது.

மாமாவுக்கு இங்கிலீஷ் வைத்தியத்தில் பொறுமை போய், நாடி பார்க்கும் வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப்போனார். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை என்பது அவர் முறை. என் இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினார். வெகுநேரம் மூடியே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்தார்.

"நாடி ஒடுங்கிப்போயிருக்கு. இது மருந்துல தீர்ற விஷயமில்ல. வேற எங்கயாச்சும் பாருங்க."

நாடி இல்லை என்பதைக் கண்டுபிடித்த முதல் ஆள் அவர்தான், அந்த மட்டில் மரியாதை உண்டு. ஆனால் எதிரே ஒருத்தி உயிரோடு உட்கார்ந்திருக்கிறாள், மூக்கு உறிஞ்சுகிறாள், இவளுக்கு இன்னொரு கையில் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போமே என்று தோன்றவில்லை. முறை என்றால் முறை.

வேறு எங்காவது என்பதற்கு மாமாவின் அகராதியில் தாயத்து என்று பொருள். எங்கிருந்து வாங்கி வந்தார் என்று சொல்லவில்லை. செம்புத் தகட்டுத் தாயத்து. கருப்புக் கயிற்றில் கோத்து, என் இடது புஜத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டார். ஒரு மண்டலம் கழற்றக் கூடாது. குளிக்கும்போதும் கூடாது. செய்வினை எந்தக் கையில் இறங்கியதோ அந்தக் கையில்தான் கட்ட வேண்டுமாம். எனக்குச் செய்வினை வைக்கும் அளவுக்கு யாருக்கு என்மேல் அக்கறை என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

தை மாதம் கல்யாணம். அதற்கு முன் சிங்கப்பூர் போக மெடிக்கல் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று தஞ்சாவூர் ஏஜென்ட் சொன்னார். மாமா என்னை பஸ்ஸில் ஏற்றினார். வழியெல்லாம் ஒரே பாடம்.

"மயக்கம், கை வலின்னு எதுவும் சொல்லாத. கேட்டா நல்லாயிருக்கேன்னு சொல்லு. தாலி ஏறுனப்புறம் அவன் பாத்துக்குவான்."

விற்கப்போகும் மாட்டுக்கு வாய் இருந்தால் அதனிடமும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

தஞ்சாவூரில் டாக்டர் ஒரு நடுவயது அம்மாள். பெரியாஸ்பத்திரியில் வேலை, சாயங்காலம் ஏஜென்ட் அனுப்பிய இந்தக் கிளினிக்கில். பி.பி. பட்டையை எடுத்துக்கொண்டு என் இடது கைக்கு வந்தார். தாயத்து தடுத்தது.

"இதைக் கழட்டுங்க."

"கழட்டக் கூடாதுங்க டாக்டர்," என்றார் மாமா. "மண்டலம் முடியல."

"பட்டை எப்படிங்க சுத்துறது?"

"இந்தக் கையில சுத்திக்கங்களேன்," என்று என் வலது கையைப் பிடித்து நீட்டினார் மாமா.

டாக்டரம்மாள் பெருமூச்சு விட்டபடி வலது கையில் சுற்றினார். ஊதினார். பாதரசம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முகம் மாறியது. மறுபடி ஊதினார். நூற்றுத் தொண்ணூறு. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு.

"தலைவலி இருக்காம்மா?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா சுவரைப் பார்த்தார். நல்லாயிருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தவள், எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், மூட்டு வலி, ரிசீவர், அடிபம்பு, உப்பு மோர். உப்பு என்றதும் அவர் நிமிர்ந்தார்.

"யார் குடுக்கச் சொன்னது?"

"லோ பி.பி.ன்னாங்க," என்றார் மாமா.

அவர் என் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்தார். அவ்வளவுதான். அதற்கு ஒரு படிப்பும் வேண்டாம், இரண்டு கை போதும். வலதில் ஓடியது, இடதில் இல்லை. கத்தரிக்கோலை எடுத்து மாமாவைக் கேட்காமலே கயிற்றை வெட்டினார். இடது கையில் அழுத்தம் எண்பதுகூட எட்டவில்லை. பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலேயும் வயிற்றிலும் வைத்துக் கேட்டார். என் காதிலும் மாட்டிவிட்டார். பாதி மூடிய மதகில் தண்ணீர் திமிறிப் போகும் சத்தம். என் கழுத்துக்குள் அது கேட்டபோதுதான் முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் அழற்சி எகிறிக் கிடந்தது. பிறகு சென்னைக்கு அனுப்பி, தொடை வழியாகக் குழாய் விட்டு, மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் சுவரும் அதிலிருந்து பிரியும் கிளைகளும் வீங்கித் தடித்து, உள்ளே வழி குறுகிப் போயிருந்தன. இடது கைக்குப் போகும் கிளை ஆரம்பத்திலேயே ஏறக்குறைய அடைத்துவிட்டது. அதனால் அந்தக் கை வேலை செய்தால் மூளைக்குப் போக வேண்டிய ரத்தத்தைப் பின்பக்கமாக இழுத்துக்கொள்ளும். அடிபம்பில் நான் விழுந்தது அதனால். ஒரு சிறுநீரகத்தின் கிளையும் குறுகியிருந்தது. தனக்கு ரத்தம் போதவில்லை என்று அது அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருந்தது. ஏன் வருகிறது என்று திட்டமாகத் தெரியாது, உடம்பின் காவல் தன் குழாய்களையே தாக்குகிறது, பெரும்பாலும் இளம் பெண்களுக்குத்தான் வருகிறது என்றார் டாக்டரம்மாள். இன்னும் சில மாதம் லோ பி.பி. என்று உப்பைத் தின்றிருந்தால் பக்கவாதம் வந்திருக்கும், இல்லை பார்வை போயிருக்கும் என்றும் சொன்னார்.

அதை அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லிவிட்டார்கள். அம்மா வார்டு வராந்தாவில் உட்கார்ந்து, மோரில் உப்புப் போட்ட தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் ஏளனத்தில் ஒரு துளியும் அவளுக்குக் கிடையாது. அவள் டாக்டர் சொன்னதைச் செய்தவள்.

ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் பூசணிக்காயானது. காய்ச்சலும் மூட்டு வலியும் போயின. அழற்சி அடங்கிய பிறகு சிறுநீரகக் குழாயை பலூன் வைத்து விரித்தார்கள். இடது கைக்கு நாடி திரும்பவில்லை. மெல்லிய பக்கவழிகளில் வரும் ரத்தத்தை வைத்து அது குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டது.

மாப்பிள்ளை பூத்துக்குப் பேசினார். மாமா சொல்லாததையெல்லாம் நானே சொன்னேன். வெளிநாட்டு அழைப்பு, ஒவ்வொரு நொடிக்கும் அவருக்குக் காசு. ஆனாலும் எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"அம்மாட்ட பேசிட்டுச் சொல்றேன்," என்றார்.

அந்த அம்மாவிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் போலும். நான் அழுதேனா என்று கேட்டால், ஒரு நாள் அழுதேன். அந்த வேட்டிக்கு அது போதும்.

மாமாவோ ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், தாயத்துதான் காப்பாற்றியது என்று. என்னை எரிச்சலூட்டுவது என்னவென்றால், அவர் சொல்வதை மறுக்க முடியவில்லை. அது இடது கையை அடைத்துக்கொண்டு நிற்காமல் இருந்திருந்தால் தஞ்சாவூரிலும் இடது கையில்தான் பார்த்திருப்பார்கள். படித்தவர்களையும் முறை தெரிந்தவர்களையும் என் வலது கைக்குத் திருப்பிவிட ஒரு செம்புத் தகடு தேவைப்பட்டது.

ஊர் திரும்பிய பின் மாதம் ஒரு முறை பி.பி. பார்க்க வேண்டும் என்றார்கள். பக்கத்தில் இருப்பது கைராசிக்காரர்தான். ஆஸ்பத்திரிக் காகிதங்களை அவரிடம் கொடுத்தேன். புரட்டினார், "ஓகோ" என்றார், மேசைமேல் வைத்தார், என் இடது கையில் பட்டையைச் சுற்றினார்.

"இன்னும் லோவாத்தாம்மா இருக்கு. உப்பு சேத்துக்கறியா?"

நான் எழுந்து ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்து, வலது கையை மேசைமேல் வைத்தேன். வாசலில் காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர் தயங்கித் தயங்கிச் சுற்றினார். இடது கையைவிட எவ்வளவோ கூடுதலாக அளவு வந்தது. நம்பாமல் இன்னொரு முறை ஊதினார். பெட்டியை விரலால் தட்டினார்.

"மிஷின்ல ஏதோ கோளாறு," என்றார்.

"மிஷின் நல்லாத்தான் சார் இருக்கு," என்றேன்.

அடுத்து ஒரு பள்ளிக்கூடப் பெண், தாயோடு நின்றிருந்தாள். மயக்கமாம். ஸ்டூலை நான் மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பவில்லை. "ரெண்டு கையிலயும் பாக்கச் சொல்லும்மா," என்று அவளிடம் டாக்டருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, என் காகிதங்களை எடுத்துக்கொண்டு பூத்தைத் திறக்கப் போனேன்.