மாமன் சீரில் இல்லாத சங்கிலி

நாத்தனார் ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாகப் போன் செய்து, "அண்ணி, சாப்ட்டீங்களா?" என்று கேட்டபோதே எனக்கு உறுத்தியது. கொத்மலைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் கணவரின் தங்கை அவள். தீபாவளிக்குத் தீபாவளி பேசுகிறவள்.

அவள் மகள் பெரிய மனுஷி ஆகியிருந்தாள். சடங்குக்கு நாள் குறித்தாயிற்று. மாமன் வீட்டுச் சீர் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். தட்டுகள் லயத்து வரிசை வீடுகளின் வாசல் வழியாக வரும்போது எல்லார் கண்ணும் நகைத் தட்டைத்தான் தேடும்.

"நீங்க ஒன்னும் செய்ய வேணாம், அண்ணி. வந்து நின்னா போதும்" என்றாள். இந்தப் பேச்சை நம்பிப்போய் வெறுங்கையோடு நின்றவர்களை எனக்குத் தெரியும். ஒன்றும் வேண்டாம் என்றால் ஒரு பவுன் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கணவர் என் கழுத்துச் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்த பாக்குறீங்க?"

"ஒன்னுமில்ல."

அந்த 'ஒன்னுமில்ல'வையும் நான் நம்பவில்லை. என்னிடம் இருந்தது அந்த ஒரே சங்கிலி. எங்கள் மூத்த மகளுக்கென்று வைத்திருந்தது. அதைக் கழற்றிக் கொடுக்க எனக்கு மனசே இல்லை. சபையில் முகம் கோணுவதைவிட முன்கூட்டியே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது.

மறுநாள் ஞாயிறு. வெற்றிலை பாக்கு, பழம் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். போனில் சொன்னால் தட்டிக்கழிப்பதுபோல் இருக்கும். வேறு யார் காதிலும் விழாமல், அடுப்படியில் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். இல்லை என்பதில் ஆரம்பிக்கவில்லை. செய்யப்போவதைத்தான் முதலில் சொன்னேன்.

"புள்ளைக்குப் பட்டுச்சேல, மால, வளையல் எல்லாம் ஒங்க அண்ணன் கொண்டாருவாரு. சமையலுக்குக் கரட், கோவா, லீக்ஸ்னு காய்கறியெல்லாம் நம்ம தோட்டத்துலருந்து மூட்டையா வரும். சங்கிலி மட்டும் இப்ப முடியாதும்மா. மனசுல வச்சுக்காத."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பி விறகைத் தள்ளினாள். கோபம்தான் என்று நினைத்து நான் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணி, அதுக்குத்தான் நான் போன் மேல போன் போட்டேன். நீங்க ஒரு சங்கிலி போட்டா, ஒங்க ரெண்டு புள்ளைகளுக்கும் அத்தைன்னு நான் ரெண்டு போடணுமே. எங்க போவேன்? சங்கிலி போடாதீங்கன்னு வாயத் தொறந்து சொல்ல வெக்கமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அப்படியும் ஊர் திரும்பும் வழியெல்லாம் அவள் சமாளிக்கிறாளோ என்றுதான் யோசித்தேன்.

சடங்கன்று தட்டுகளை இறக்கியதும் நாத்தனாரின் மாமியார் எல்லார் முன்னாலும் கேட்டார்: "மாமன் வீட்டுச் சங்கிலி எங்க?"

என் காதெல்லாம் சூடேறியது. நான் வாய் திறப்பதற்குள் நாத்தனார் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணன் போடுறேன்னுதான் சொன்னாரு, அத்தை. நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்."

அந்தப் பொய்யில் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று அவள் முகத்தைத் துருவிப் பார்த்தேன். அவள் என் மூத்தவளைப் பக்கத்தில் இழுத்து, தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.