வீரம்மா அனுப்பிய படம்

வீரம்மா பிறந்தது கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது குடும்பம் பட்டணத்துப் புந்தோங்குக்கு வந்தது. ஐம்பத்தெட்டு வயதில், அதே பட்டணத்துக் குனோங் ராபாட்டில் ஒரு பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் துப்புரவு வேலை. லாரி ஓட்டிய கணவர் அப்பாவு இறந்து நான்கு மாதம். அழுகை முதல் வாரத்தோடு நின்றுபோனது. அதன் பிறகு பசி, தூக்கம், வலி எதுவுமே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. எழுந்தாள், பஸ் ஏறினாள், தரை துடைத்தாள், திரும்பி வந்தாள்.

அந்த மாதம் பிள்ளைகளுக்குக் கண் நோவு பரவியிருந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள் கண்ணில் பீளை ஒட்டி வந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடியில் பார்த்தபோது வீரம்மாவின் வலக்கண் சிவந்திருந்தது. அதுதான் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தாள். கண் நோவு உள்ளவர்கள் வேலைக்கு வரக்கூடாது என்பது அங்கே விதி. விடுப்புக் கடிதத்துக்காக, வழக்கமாகப் போகும் கிளினிக்கின் வாட்ஸ்அப்புக்கு முகத்தை ஒரு படம் எடுத்து அனுப்பினாள். “கண்ணு நோவு. எம்சி வேணும். மருந்து பக்கத்து வீட்டுல இருக்கு.”

டாக்டர் நிரோஷா அந்த வாரம் அப்படி இருபது படங்கள் பார்த்திருந்தார். இதைப் பெரிதாக்கிப் பார்த்தவர் உடனே போன் போட்டார்.

“வீரம்மா, ஒரு கண்ணுதானா?”

“ஆமாங்க டாக்டர்.”

“பீளை வருதா? காலையில இமை ஒட்டிக்கிச்சா?”

“இல்லீங்க. தண்ணிதான்.”

“அரிக்குதா, வலிக்குதா?”

வீரம்மா கொஞ்சம் யோசித்தாள். “வலிதான். நேத்து சாயங்காலத்துல இருந்து. தலையும் அந்தப் பக்கம்தான் வலி. ரெண்டு தடவை வாந்தி. உடம்புல காத்து பூந்திருச்சுன்னு படுத்துட்டேன்.”

“இடக்கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாருங்க. எப்படித் தெரியுது?”

“புகை மாதிரி. விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வட்டம் தெரியுது.”

“கண்ணைச் சிமிட்டினா தெளிவாகுதா?”

“இல்லீங்க.”

டாக்டர் படத்தை மறுபடி பார்த்தார். படத்தில் அவர் கண்டது இதுதான்: சிவப்பு கருவிழியை ஒட்டி வளையமாக அடர்ந்திருந்தது, கருவிழி பளபளப்பு மங்கி, நடுவிலுள்ள கண்மணி இன்னொரு கண்ணில் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது. படத்தை மட்டும் வைத்து அவர் முடிவு கட்டவில்லை. பதில்கள்தான் அவரை நிமிர வைத்தன.

“இது பிள்ளைங்களுக்கு வந்த நோவு இல்லன்னு நினைக்கிறேன். அதுன்னா இவ்வளவு வலிக்காது, பார்வையும் இப்படி மங்காது. உங்களுக்குக் கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கலாம். இப்பவே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. பக்கத்து வீட்டு மருந்தை ஊத்தாதீங்க. நான் கடிதம் அனுப்புறேன்.”

“நாளைக்குப் போலாமா?”

“இல்ல. இன்னிக்கே. தாமதமானா பார்வை போயிடும்.”

“சரிங்க,” என்றாள் வீரம்மா. பயம் வரவில்லை. பஸ் எண்ணைத்தான் யோசித்தாள். வீரம்மாவின் மகள் ஷர்மினியின் போன் எண்ணைக் கேட்டு வாங்கி, டாக்டரே அவளை அழைத்தார்.

ஷர்மினி வேலையிலிருந்து வந்து காரில் ஏற்றிக்கொண்டாள். வழியில் இன்னொரு முறை வாந்தி. பிளாஸ்டிக் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள் வீரம்மா.

“நேத்தே ஏம்மா சொல்லல?”

“சொல்லணும்னு தோணலை.”

ஆஸ்பத்திரியில் கண்ணின் அழுத்தத்தை அளந்தார்கள். இருபத்தொன்றைத் தாண்டக் கூடாதது ஐம்பத்தாறாக இருந்தது. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழி அடைத்துக்கொண்டது என்று விளக்கினார்கள். சொட்டு மருந்தும் நரம்பில் ஊசி மருந்தும் போட்டு அழுத்தத்தை இறக்கினார்கள். மறுநாள், அந்த நீர் வெளியேற, கருவிழிக்குப் பின்னால் இருக்கும் திரையில் லேசரால் நுண்துளை போட்டார்கள். மற்ற கண்ணுக்கும் அதே ஆபத்து உண்டென்று, சில நாள் கழித்து அதிலும் போட்டார்கள்.

மூன்றாம் வாரம் பார்வையைச் சோதித்தார்கள். வலக்கண்ணில் எழுத்து தெரிந்தது. ஆனால் மூக்குப் பக்கம் மேலே ஒரு ஓரம் இருண்டுவிட்டது. அது திரும்பாது என்றார் கண் டாக்டர். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் முழுக் கண்ணும் போயிருக்கும் என்றும் சொன்னார்.

வீரம்மா தலையாட்டினாள். அழுத்தத்துக்கு மருந்தும் அடுத்த தேதியும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் ஷர்மினி சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். வீரம்மா பக்கத்தில் நின்றாள். மகளின் கையைப் பிடித்தாள். கை சூடாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதை விடாமல் கார் வரைக்கும் நடந்தாள்.