கப்பலில் இருந்தவர்கள் வேறு

மருந்து கொடுத்ததற்காக அடி வாங்கிய டாக்டர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். மருந்து கொடுக்காததற்காக அடி வாங்கியவர் எனக்குத் தெரிந்து அத்தாவுல்லா ஒருவர்தான்.

எல்.எம்.பி. என்ற அந்தக் கால டாக்டர் படிப்புப் படித்தவர். வீடு வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டி எண்ணெய் டின் செய்யும் ஆலை ஒன்று இருந்தது, அதன் ஆஸ்பத்திரி அவர் பொறுப்பு. வாய் ரொம்பக் கெட்டது. தகடு கிழித்த கையோடு வருபவனைத் திட்டிக்கொண்டே தையல் போடுவார், அவன் வலியை மறந்து இவரைத் திட்டுவான்.

அந்த நாளில் வடசென்னைக் கிணறுகளில் கொசுப்புழுவுக்குப் பஞ்சமே இல்லை. மலேரியா வந்தால் கொயினா மருந்து கொடுத்துக் காய்ச்சலை இறக்கலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து, கூப்பிடாத விருந்தாளி மாதிரி அதுவே திரும்பி வரும். வந்த வாரம் கூலி போகும், வீட்டில் அடுப்பு எரியாது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் மேனேஜர் ஒரு பெட்டி பிரிமாகுயின் மாத்திரை வரவழைத்தார். கூடவே ஓர் அறிக்கையும் வந்தது. கொரியா யுத்தத்திலிருந்து கப்பலில் ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்குத் தினம் ஒன்றாக இரண்டு வாரம் கொடுத்தார்களாம், காய்ச்சல் திரும்பி வருவது ஏறக்குறைய நின்றேவிட்டதாம். நாளைக்கே எல்லோருக்கும் கொடுங்கள் என்றார் மேனேஜர்.

அத்தாவுல்லா அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு முடியாது என்றார்.

"கிருமி அங்கேயும் இங்கேயும் ஒரே ஜாதி. மாத்திரை அதைக் கொல்லும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மாத்திரையைத் தாங்க வேண்டியது ஆள். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் வயிறாரத் தின்ற வாலிபர்கள், சார்ஜண்ட் எதிரில் நின்று தினம் ஒன்று விழுங்கியவர்கள். அங்கேயே கறுப்புச் சிப்பாய்கள் சிலருக்கு இந்த மருந்தால் இரத்த அணுக்கள் உடைந்து மூத்திரம் கறுத்தது என்று வேறு அறிக்கை சொல்கிறது. நம் ஆட்களின் இரத்தம் எந்தப் பக்கம்?"

"நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

"தெரியாது. முதலில் பத்துப் பேருக்கு என் கண் எதிரில் கொடுக்கிறேன். தினம் மூத்திரமும் இரத்தமும் பார்க்கிறேன். அப்புறம் சொல்கிறேன்."

"ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து. உங்கள் பத்துப் பேரா பெரிசு?"

"ஆயிரத்தில் என் ஆள் ஒருத்தன்கூட இல்லையே!"

சொல்லிவிட்டு வந்து பெட்டியை ஆஸ்பத்திரி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மேனேஜரின் கைத்தடியான மேஸ்திரி அன்று மாலையே பட்டறை முழுக்க ஊதிவிட்டான். வெள்ளைக்காரனுக்கு வந்த நல்ல மாத்திரையை டாக்டர் பதுக்கி வெளியே விற்கிறாராம். நம் சனங்களுக்குப் பொய்யை நம்ப ஒரு நிமிஷம் போதும்.

வரதன் தகடு அமுக்கும் அச்சு மிஷினில் வேலை செய்பவன். அவன் தம்பி ஜெயவேல் மூன்றாவது தடவையாகக் காய்ச்சலில் கிடந்தான். அம்மா தாயம்மா எர்ணாவூரில் மீன் கூடை சுமந்து இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவள். வரதன்தான் முதலில் ஆஸ்பத்திரிக் கதவை உதைத்தான். பின்னால் முப்பது பேர்.

"இன்னா டாக்டரே, எங்க மருந்து எங்கே கீது?"

"இங்கதான் கீது. உங்களுக்கு ஒத்துக்குமான்னு தெரியாம குடுக்க மாட்டேன்."

"துரைக்கு ஒத்துக்கும், எங்களுக்கு ஒத்துக்காதா? நாங்க இன்னா மாடா?"

"மாடா இருந்தா ஊசி போட்டுட்டுப் போயினே இருப்பேன்டா! மனுசன்றதாலதான் பார்க்கிறேன்."

வரதன் இரும்புக் கம்பியை ஓங்கினான். தலைக்கு வந்ததை டாக்டர் கையால் தடுத்தார். மணிக்கட்டு முறிந்த சத்தம் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. அதற்கப்புறம் ஆளாளுக்கு மிதித்தார்கள். அயோடின் புட்டிகள் உடைந்து தரையெல்லாம் சிவப்பு, அதில் எது மருந்து எது இரத்தம் என்று சொல்ல முடியவில்லை. அலமாரியைப் பெயர்த்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் சனிக்கிழமை, மேனேஜர் சம்மதத்தோடு மேஸ்திரியே ஆளுக்குப் பதினாலு மாத்திரை பொட்டலம் கட்டிக் கொடுத்தான்.

இங்கேதான் கப்பலுக்கும் திருவொற்றியூருக்கும் உள்ள தூரம் தெரிந்தது. நம் ஆட்களுக்கு உடம்பைக் கவனிக்க ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை. எண்ணெய்க் குளியல், பேதி மருந்து எல்லாம் அன்றைக்குத்தான். திங்கட்கிழமை சங்கு ஊதினால் யார் மாத்திரையை நினைப்பார்கள்? பேதிக்குச் சாப்பிடுவதுபோல் ஞாயிறு காலையில் பாதிப் பேர் பொட்டலத்தை மொத்தமாக வாயில் கொட்டித் தண்ணீர் குடித்தார்கள். வரதன் தன் பொட்டலத்தைக் காய்ச்சலில் கிடந்த தம்பி வாயில் கொட்டினான். சார்ஜண்ட் யாரும் அங்கே இல்லை.

மத்தியானத்துக்குள் குடிசைதோறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். சிலருக்கு உதடு நீலம் பாய்ந்தது. அவர்களெல்லாம் பிழைத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை ஜெயவேல் மூத்திரம் கறுப்புக் காப்பி நிறத்தில் போனது. கண் மஞ்சள், மூச்சு இரைப்பு.

வரதன் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தது, தான் கை முறித்த ஆளிடம்தான்.

"நைனா, காப்பாத்து நைனா!"

அத்தாவுல்லா ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஆலை லாரியை மறித்து, டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்ட வைத்தார். இரத்தம் ஏற்றினார்கள். ஏறியதைவிட வேகமாக உள்ளே உடைந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஜெயவேல் செத்துப் போனான்.

பிணம் எர்ணாவூர் போகுமுன் ஆலை வாசலுக்குப் போனது. வரதன் மேஸ்திரியைத் தரையில் தள்ளி முகத்திலேயே குத்தினான், பல் உதிர்ந்த வாயில் மேலும் குத்தினான். மேனேஜரின் காரைக் கவிழ்த்துக் கொளுத்தினார்கள். போலீஸ் வந்து பாடை தூக்கியவர்களையும் விடாமல் தடியால் அடித்தது. தாயம்மா பிள்ளையின் பிணத்தின்மேல் குப்புற விழுந்து தன் முதுகில் அந்த அடிகளை வாங்கினாள்.

அடுத்த வாரம் மேனேஜர் உத்தரவு போட்டார்: இந்த மருந்து இந்தியர்களுக்கு விஷம், மிச்சத்தைக் கடலில் கொட்டுங்கள். அத்தாவுல்லா மேசையை ஓங்கி அடித்தார்.

"சிப்பாய்களைப் பார்த்து எல்லோருக்கும் நல்லது என்றீர்கள். இப்போது ஒரு பிணத்தைப் பார்த்து எல்லோருக்கும் விஷம் என்கிறீர்கள். இரண்டும் ஒரே முட்டாள்தனம்!"

கத்திக் கத்தியே மேனேஜரிடம் சம்மதம் வாங்கினார். தாமாக முன்வந்த பத்து ஆண்களை எடுத்தார். ஒரே இரத்தமாக இருக்கலாம் என்று, மூத்திரம் கறுத்தவனின் சொந்தக்காரன் யாரையும் சேர்க்கவில்லை. தினம் ஒன்று, அவர் எதிரில், வாயைத் திறந்து காட்ட வேண்டும். மூத்திரத்தைப் புட்டியில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். ஒருவனுக்கு மூன்றாம் நாளே நிறம் மாறியது. உடனே நிறுத்தினார், அவன் பிழைத்தான். மற்ற ஒன்பது பேரும் கடைசி மாத்திரை வரை தாங்கினார்கள். அடுத்து இன்னும் கொஞ்சம் பேர். "பொம்பளைங்களுக்கும் புள்ளைங்களுக்கும் இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது" என்று, வீட்டாருக்கு மாத்திரை கேட்டு வந்தவர்களையெல்லாம் விரட்டினார்.

மருந்து சாப்பிட்டவர்களில் அநேகம் பேருக்கு அடுத்த வருஷம் காய்ச்சல் வரவில்லை. வரதனுக்கு வந்தது. மேஸ்திரியை அடித்ததற்காக ஜெயிலுக்குப் போய் வந்தவன், ஆலையில் வேலையும் போய், ஆஸ்பத்திரி வராந்தாவில் பல் கிட்டிக்க உதறிக்கொண்டு கிடந்தான். அன்றைய மாத்திரையை விழுங்கிக் கையெழுத்துப் போட வந்த பழைய கூட்டாளிகள் அவனைத் தாண்டிக்கொண்டு போனார்கள்.

"எல்லாருக்கும் குடுத்தியே நைனா. எனக்கும் குடு."

"குடுக்க மாட்டேன்."

"தம்பிக்கு ஒத்துக்கல. எனக்கும் ஒத்துக்காதுன்னு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் இன்னாத்துக்கு என்னை இப்படிச் சாவடிக்கிறே?" வரதன் எழுந்து டாக்டரின் கழுத்தைப் பிடித்தான். கையில் பலம் இல்லை. அத்தாவுல்லா விலக்கவும் இல்லை.

"ஒத்துக்கினாலும் ஒத்துக்கும்டா. ஒன்மேல போட்டுப் பார்க்கிறதுக்கு ஒங்கம்மாகிட்ட இன்னொரு புள்ள கீதா?"

வரதனின் கை தானாக நழுவியது. சுவரில் தலையை முட்டி முட்டி அழுதான். அத்தாவுல்லா, கோணலாகக் கூடிப்போன கையால் அவன் மண்டையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கொயினாவைக் கசப்போடு அவன் வாயில் ஊற்றினார்.